பத்தேகாலிலிருந்து பதினொன்று வரை

வயசானவங்க பேச்சைப் பதிவு செய்யணும்னு நினைக்கிற எல்லாரும் முதலில் யோசிப்பது என்ன கேள்வி கேட்கலாம், எந்த ஃபோனில் எடுக்கலாம் என்பதைத்தான். எத்தனை மணிக்கு என்று யாரும் யோசிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம் என்று அது தானாகவே முடிவாகிவிடும். ஞாயிறு நமக்கு லீவு. மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும். இரண்டுமே நம் வசதி.

சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் சின்ன ஆயா இருக்கிறார். அம்மாவின் சித்தி. வயது 82. அவர் வீட்டுக்காரர், எங்கள் தாத்தா, அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதி மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தவர். 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்ற ஏற்பாட்டை எதிர்த்து மாநிலம் முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுநாள், 27ஆம் தேதி புதன்கிழமை, சிதம்பரத்தில் போலீஸ் சுட்டதில் ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். பல்கலைக்கழகப் பக்கம் போனவர்கள் அவர் சிலையைப் பார்த்திருப்பார்கள். அந்த நாளை ஆயாவின் வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் இருப்பது கடலூர் முதுநகரில். சிதம்பரம் சுமார் 40 கிலோமீட்டர். போவதற்கு முன் ஒரு வாரம் தினமும் ராத்திரி ஆயாவுக்கு ஃபோன் செய்து, "இன்னைக்கு என்ன பண்ண ஆயா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சொல்வதை மணி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஏழு நாளில் ஒரு ஒழுங்கு தெரிந்துவிட்டது.

காலை ஆறரைக்கு பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும். நீர் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்ட ஆரம்பிக்கும். முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் கடுமை. "உக்கார விடாதுடா" என்பார் ஆயா. அந்த நேரத்தில் மைக்கை முன்னால் வைத்தால், கதை சூடு பிடிக்கும்போது அவர் எழுந்து போக வேண்டியிருக்கும். அதைவிட மோசம், எழ வேண்டியிருக்கிறதே என்று கூச்சப்பட்டுக் கதையைச் சுருக்கிவிடுவார். மாத்திரை நேரத்தை நாம் தள்ளிவைக்கச் சொல்லக் கூடாது, அது டாக்டர் விஷயம். நகர்த்த முடிந்தது பதிவு நேரத்தைத்தான்.

எட்டு மணிக்கு இட்லி. அப்புறம் ஒரு மணி நேரம் சாய்வு நாற்காலியில் கண் சொக்கும். சாப்பிட்டதும் ரத்த ஓட்டம் வயிற்றுப் பக்கம் போவதால், வயதானவர்கள் பலருக்கு அடுத்த ஓரிரு மணி நேரம் ரத்த அழுத்தம் இறங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னும் இதே கதைதான். இரண்டு மணி வீட்டுக்கு அமைதியான நேரம்தான். ஆனால் ஆயா அப்போது பாதித் தூக்கத்தில் இருப்பார்.

அடுத்தது சத்தம். அத்தையிடம் சொல்லி, வெவ்வேறு நேரங்களில் ஆயாவின் நாற்காலி பக்கத்தில் இரண்டிரண்டு நிமிஷம் ஃபோனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த வீடே வேறு மாதிரி இருந்தது. ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார். நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், ஆட்டோ ஹாரன். ஆறு மணிக்குக் கோயில் மணியும் எதிர்வீட்டு சீரியலும். பத்தரைக்கு எடுத்ததில் ஒரு காக்காவும் ஃபேனும் மட்டும்தான். நேரில் நம் காது பழகிப்போய் விட்டுவிடும் ஃபேன் சத்தத்தைப் பதிவு விடாது. தாழ்ந்த குரலில் பேசும் ஆயாவின் கடைசி வார்த்தைகளை அது அப்படியே தின்றுவிடும். கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்வது பாவம். மார்கழி என்றால் விடியற்காலை ஒலிபெருக்கியில் ஆயாவின் தூக்கம் கெடும். அதனால் பொங்கல் முடிந்து தை என்று மாதமும் முடிவாயிற்று.

கிழமையை முடிவு செய்தது இது எதுவுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் இருப்பார். ஆயாவிடம் எதைக் கேட்டாலும் "அவன்கிட்ட கேளு, அவன் நல்லா சொல்லுவான்" என்று மகன் பக்கம் கை காட்டுவார். மாமாவும் சொல்வார். 1965இல் அவர் பிறக்கவே இல்லை, ஆனாலும் வருஷத்தைத் திருத்துவார். அன்பில்தான் செய்கிறார். ஆனால் பதிவில் இருக்கப்போவது மாமாவின் குரல். வார நாளில் மாமா ஆபீஸ், அத்தை பள்ளிக்கூடம். சமையல் எட்டு மணிக்கே முடிந்திருக்கும், மிக்ஸியும் குக்கரும் இல்லை. வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் மணிதான் தீர்மானிக்கிறது. மாமாவிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, ஒரு புதன்கிழமைக்கு லீவு போட்டேன். ஏழரை பஸ்ஸில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி ஒன்பதுக்குள் சிதம்பரம். அவர் தூங்கி எழும்வரை திண்ணையில் காத்திருக்கலாம்.

இந்த மணிக்கணக்கை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. தேவனாம்பட்டினத்தில் ஒரு நண்பனின் தாத்தா, பழைய மீனவர். கடலுக்குப் போவதை விட்டுப் பல வருஷம் ஆகியும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பத்து மணிக்கு அவருக்கு நடு ராத்திரி. அவரிடம் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் பேச்சு வரும்.

ஆயா பத்தேகாலுக்கு ஆரம்பித்தார். நாற்பது நிமிஷம் போயிற்று. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை, அன்றைக்குத் தாத்தா ஊரில் இல்லை, காட்டுமன்னார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார் என்பது. ஆயா அதைச் சொல்லவில்லை.

"அவரு இங்கதான் இருந்தாரு. வடிச்ச சோறு அப்படியே கெடந்துச்சாம், பசங்க யாரும் சாப்புட வரல. ராத்திரி வந்து திண்ணையில உக்காந்தவரு உள்ளயே வரல. போலீசு யார் யார விசாரிக்குமோன்னு பயம். நான்தான் அக்கம்பக்கத்துல கல்யாணத்துக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி அதுவே நெசமாயிடுச்சு."

மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவன் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

அதற்கப்புறம் பதில்கள் சின்னதாயின. "அவ்ளோதான்" என்று இரண்டு தடவை சொன்னார். கை முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தது. ராஜேந்திரன் இறந்த நாளையும் அதற்குப் பின்னால் வந்த வேறொரு ஊர்வலத்தையும் ஒன்றாக்கிச் சொன்னார். கடைசியில், "காப்பி போடவா?" இந்த நான்கும் சேர்ந்து வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் என்பது வாய்மொழி வரலாறு எடுப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. ஆயாவுக்கு அது முக்கால் மணி. களைத்த பின் சொன்னதைப் பிறகு யாராவது சாட்சியமாக எடுத்துக்கொண்டால், குழம்பிய தேதியும் அதோடு சேர்ந்து வரலாறாகிவிடும். அதனால் கோப்போடு வைத்த குறிப்பில் கிழமை, தொடங்கிய மணி, வீட்டில் யார் இருந்தார்கள், எந்த நிமிஷத்திலிருந்து களைப்பு தெரிந்தது என்று எல்லாவற்றையும் எழுதினேன்.

பதிவை மாமாவுக்குப் போட்டுக் காட்டலாமா என்று ஆயாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டு. ஆனா நான் இருக்கறப்பவே காட்டு. அவன் எதாவது கேட்டான்னா நான்தானே பதில் சொல்லணும்."

அதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் சரி. மாமா வீட்டில் இருப்பார். மணி மட்டும் அதே பத்தேகால்.