ஆறு காலும் பார்த்த பிறகுதான்

"அன்பின் சிகரமே, பாசத்தின் ஊற்றே, தியாகத்தின் திருவுருவே..." அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு நாங்க மூணு பேரும் எழுதின அஞ்சலியின் முதல் வரைவு இப்படித்தான் தொடங்கியது. சத்தமா வாசிச்சுப் பார்த்தோம். அம்மாவின் பேரை எடுத்துட்டு அடுத்த லயத்து ஆச்சியின் பேரைப் போட்டாலும் ஒரு சொல்லைக்கூட மாத்தத் தேவையில்ல. அதனால, வேற ஒருத்தருக்கும் பொருந்துற வரியை எல்லாம் பென்சிலால வெட்டினோம். பேரும் தேதியும்தான் மிஞ்சுச்சு.

பிறகு ஆளுக்கொரு தாளில, அம்மா வழக்கமா செய்யிற காரியங்களை எழுதினோம். விடிய முன்னம் எழும்புறது, ரொட்டி சுடுறது எல்லாம் வந்துச்சு. அதெல்லாம் தோட்டத்துல எல்லா அம்மாவும் செய்யிறதுதான். மூணு தாளிலயும் இருந்த இன்னொன்னு, அட்டை பார்க்கிறது.

கலவானப் பக்கம் மழைக்குக் குறைவில்ல, சிங்கராஜக் காடும் கிட்டத்தான். கொழுந்து எடுக்கப் போறவங்க காலில சவுக்காரம் தேய்ச்சுக்கிட்டாலும், ஈரத்துல அது கரைஞ்சிரும். அட்டை கடிச்ச இடத்துல ரத்தம் லேசில உறையாது. அதன் எச்சில் அப்படி.

உப்பா, சவுக்காரமா என்று எங்களுக்குள்ளயே வாக்குவாதம் வந்துச்சு. அதனால சித்திகிட்ட கேட்டோம். "கடிச்சா உப்பு. ஆனா உங்கம்மா வெயில் காலத்துலயும் பார்ப்பாளே!" என்றாங்க. இதை மூணு பேருமே எழுதியிருக்கல. இப்போது அஞ்சலி இப்படி இருக்கு:

"பின்னேரம் கூடையை இறக்கி வச்சதும் அம்மா வாசல்படியில உட்காருவாங்க. எங்க காலை ஒவ்வொன்னா மடியில எடுத்து, டோர்ச் அடிச்சு, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பாங்க. அட்டை இருந்தா உப்பு வைப்பாங்க. ஆறு காலும் பார்த்த பிறகுதான் தன் இடுப்புப் படங்கை அவிழ்ப்பாங்க. சில நாள் அவங்க காலிலிருந்து வடிஞ்ச ரத்தம் படியில இருக்கும். வெயில் காலத்துல அட்டை வராது. அப்பவும் பார்ப்பாங்க."

முடிவில "எங்களை அவ்வளவு நேசித்தார்" என்று ஒரு வரி சேர்க்கணும் என்றார் அண்ணன். சேர்த்து வாசிச்சோம், பிறகு எடுத்துட்டோம். "ஆறு காலும்", "பிறகுதான்" என்ற சொற்கள் அதை ஏற்கெனவே சொல்லிருச்சு. மறுபடி சொன்னா, வாசிக்கிறவர் தானாக் கண்டுபிடிக்க ஒன்னுமிருக்காது.

இது புதுசா வந்த வழியும் இல்ல. தாயின் சிதை முன்னால பட்டினத்தார் பாடியதாகச் சொல்லப்படுற பாடல்களிலயும், செல்லப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வாய்க்கா அரிசி போடுறது என்றுதான் மகன் தவிக்கிறான். தினம் கேட்ட அந்தக் கூப்பாடு இருக்கிறதாலதான் நெஞ்சு அடைக்குது.

சம்பளப் போராட்டத்துல அம்மா முன்வரிசையில நின்னது இந்த அஞ்சலியில இல்ல. ஒரு பந்திக்குள்ள அதையும் திணிச்சா திரும்பப் பட்டியலாகிரும். அதுக்குத் தனியா ஒரு தாள் எடுத்து வச்சிருக்கோம்.