சராசரி பார்த்தால் நம் தெரு நன்றாகத்தான் இருக்கிறது!

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கும் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைப் பொறுமையாகக் கணக்குப் போட வைத்தவள், இன்று உங்களிடம் அதே பொறுமையைக் கேட்கிறேன்.

போன வருடம் செப்டம்பரில், ஊட்டச்சத்து மாதம் என்று எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு எடையும் உயரமும் பார்த்தோம். தோவாளைப் பக்கத்துச் சின்ன ஊர். மகளிர் குழுவில் இருந்து 24 பேர் வந்தார்கள். ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. கர்ப்ப காலத்து எடையை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதால் அவளுக்கு எடை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டு, பட்டியலில் விட்டுவிட்டோம். மீதி 23 பேர்.

அளந்தது என் தங்கச்சி மகள். நர்சிங் படிக்கிறாள். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டராக்கி, உயரத்தை உயரத்தால் பெருக்கி, அதைக் கொண்டு எடையை வகுத்தால் வருவதுதான் உடல் நிறை குறியீட்டெண், பி.எம்.ஐ. பெரியவர்களுக்கு 18.5க்குக் கீழே என்றால் மெலிவு, 25ம் அதற்கு மேலும் என்றால் அதிக எடை, 30ம் அதற்கு மேலும் என்றால் உடல் பருமன்.

சாயங்காலம் அவள் எக்செலில் போட்டுச் சராசரி எடுத்தாள். 25.6 வந்தது.

"பெரியம்மா, நம்ம ஊரே அதிக எடைதான்" என்றாள். வாசகசாலைச் செயலாளர் அண்ணாச்சி உடனே கிளம்பிவிட்டார். சோற்றைக் குறைப்போம், காலையில் குளத்தங்கரையில் நடப்போம் என்று போர்டு எழுதி வைக்க வேண்டும் என்றார்.

நான் பட்டியலை ஒருமுறை பார்த்தேன். ஆசிரியர் புத்தி, மார்க் லிஸ்டைப் பார்த்தால் முதலில் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும்தான் கண் தேடும். ஒரு பி.எம்.ஐ. 51.9 என்று இருந்தது. எடை 57.2 கிலோ. உயரம் 105 செ.மீ. எங்கள் குழுவில் அந்த உயரத்தில் யாரும் இல்லை. நோட்டைப் பார்த்தால் 150. தட்டச்சு செய்யும்போது கடைசி இரண்டு எண்ணும் இடம் மாறிவிட்டது. திருத்தினால் அவளுடைய பி.எம்.ஐ. 25.4. மொத்தச் சராசரி 24.5க்கு இறங்கியது.

அண்ணாச்சி போர்டைக் கீழே வைத்துவிட்டார். "25க்குக் கீழ வந்தாச்சுல்லா டீச்சரே, கொள்ளாம். அப்போ ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

ஒரே ஒரு எண்ணைத் திருத்தினோம். ஊரே பருமன் என்றிருந்த முடிவு, ஊருக்கு ஒன்றுமில்லை என்று மாறிவிட்டது. அந்த 23 பெண்களில் ஒருத்திகூட இதற்கிடையில் ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

பழைய காலண்டர் தாளைக் கிழித்து 23 சீட்டு எழுதினேன். பெயர் வேண்டாம், பி.எம்.ஐ. மட்டும். அசெம்பிளியில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவது மாதிரி, வாசகசாலைத் தரையில் சிறியதில் இருந்து பெரியது வரை வரிசையாக வைத்தோம்.

15.8, 16.9, 17.6, 18.3, 19.4, 20.2, 21.5, 22.4, 22.8, 23.6, 24.3, 24.9, 25.4, 25.8, 26.3, 26.9, 27.4, 28.1, 28.8, 29.5, 30.6, 32.2, 34.7.

இருபத்து மூன்றில் நடுவில் நிற்பது பன்னிரண்டாவது சீட்டு. இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று. அதில் இருப்பது 24.9. இதுதான் இடைநிலை அளவு. இப்போது அந்தத் தப்பான 51.9ஐ மறுபடி வைத்துப் பாருங்கள் என்றேன். 25.4 சீட்டு வரிசையின் கடைசிக்குப் போகிறது, அவ்வளவுதான். நடுச் சீட்டு அசையவில்லை, அதே 24.9. சராசரி எல்லா எண்ணையும் கூட்டுவதால் ஒரு தப்பு எண் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். இடைநிலை அளவு யார் நடுவில் நிற்கிறார் என்று மட்டும் பார்க்கிறது.

"அப்போ 24.9ன்னு எழுதிரலாமா?" என்றாள் மருமகள். எழுதலாம், ஆனால் அதுவும் போதாது. நடுவில் நிற்பவளைத் தெரிந்துகொண்டோம். மற்றவர்கள் அவளை ஒட்டி நிற்கிறார்களா, விலகி நிற்கிறார்களா?

நடுச் சீட்டுக்கு இடப்பக்கம் உள்ள பதினொன்றில் நடு எது? ஆறாவது, 20.2. வலப்பக்கத்துப் பதினொன்றில் நடு? பதினெட்டாவது, 28.1. இவை இரண்டும் கால்மானங்கள். நம் பெண்களில் நடுப் பாதிப் பேர் 20.2க்கும் 28.1க்கும் இடையில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். இடைவெளி 7.9. வெறும் எண்ணாகச் சொன்னால் பிடிபடாது. 150 செ.மீ. உயரமுள்ள ஒருத்திக்கு 20.2 என்றால் 45 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, 28.1 என்றால் 63 கிலோ. பதினெட்டுக் கிலோ வித்தியாசம்! அதுவும் ஓரங்களை விட்டுவிட்டு, நடுப் பாதிக்குள் மட்டும்.

இதே 24.9 நடுவில் இருந்து, கால்மானங்கள் 23.5ம் 26.3ம் ஆக இருக்கும் ஒரு ஊரை நினைத்துப் பாருங்கள். அந்த ஊருக்கு ஒரே யோசனை போதும். எங்கள் தெருவுக்கு ஒரே யோசனை சொன்னால், பாதிப் பேருக்கு அது தப்பான யோசனை.

அடுத்து, எல்லைக்கோடுகள். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். 18.5க்குக் கீழே 4 பேர். 25ம் அதற்கு மேலும் 11 பேர், அதில் 30ஐத் தாண்டியவர்கள் 3 பேர். சராசரி 24.5 என்று சொன்னபோது இந்த நாலு பேரும் எங்கே இருந்தார்கள்? எதிர்ப்பக்கம் இருந்த பதினொரு பேர் அவர்களை மூடிவிட்டார்கள்.

கோடு எது என்பதையும் சொல்லித்தான் எண்ண வேண்டும். ஆசியர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே சர்க்கரை நோய் வருவதைப் பார்த்து, 2004ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பழைய கோடுகளை வைத்துக்கொண்டே 23, 27.5 என்று கூடுதல் எச்சரிக்கைக் கோடுகளைச் சொன்னது. 23 என்று வைத்தால் எங்கள் கணக்கில் 11 பேர் 14 ஆகிவிடுகிறார்கள். யாராவது "எங்கள் ஊரில் இத்தனை சதவீதம் அதிக எடை" என்று சொன்னால், எந்தக் கோட்டை வைத்து என்று முதலில் கேளுங்கள்.

கோட்டை ஒட்டி நிற்பவர்கள் விஷயத்தில் ரொம்பக் கறாராகவும் இருக்கக்கூடாது. 150 செ.மீ. பெண்ணின் உயரத்தை, கொண்டையோடு அளந்து ஒரு செ.மீ. கூடுதலாக எழுதினாலே பி.எம்.ஐ. 0.3 குறைந்துவிடும். 24.9ல் நிற்பவள் உண்மையில் 25.2 ஆக இருக்கலாம். அதனால்தான் கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, செருப்பைக் கழற்றி, எடை மெஷினை சிமெண்டுத் தரையில் சமமாக வைத்து அளக்க வேண்டும் என்பது.

சதவீதம் பற்றியும் ஒரு வார்த்தை. 4 பேர் என்றால் 17.4 சதவீதம். தேசிய குடும்ப நல ஆய்வில் (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் மெலிந்தவர்கள் 12.6 சதவீதம், அதிக எடையும் பருமனும் சேர்த்து 40.4 சதவீதம். உடனே "நாம் மாநிலத்தைவிட மோசம்" என்று மருமகள் எழுதப் போனாள். நிறுத்தினேன். அந்த ஆய்வு 15 முதல் 49 வயதுப் பெண்களைப் பற்றியது. எங்கள் குழுவில் அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு. மேலும் 23 பேரில் ஒருத்தி என்றாலே 4.3 சதவீதம். ஒருத்தி அன்று வராமல் இருந்திருந்தால் கணக்கு மாறிவிடும். சின்னக் கூட்டத்துக்கு "23ல் 4" என்று ஆளாகவே எழுதுவதுதான் நேர்மை.

இந்தக் கோடுகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இன்னும் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் படிப்பீர்கள். பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி நடு அளவே சுமார் 16.6தான். 18.5ஐ வைத்துப் பார்த்தால் நல்ல ஆரோக்கியமான ஐந்தாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மெலிவு என்று வந்துவிடும். அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு 13.5க்குக் கீழேதான் மெலிவு, 19க்கு மேலேதான் அதிக எடை. ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வயது, பால் அட்டவணையில் பார்த்து வகைப்படுத்திய பிறகே எண்ண வேண்டும்.

சரி, முதல் சீட்டுக்கு வருகிறேன். 15.8.

எல்லாரும் போன பிறகு மருமகளின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 152 செ.மீ., 36.5 கிலோ. என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவள். அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். மறுநாள் வீட்டுக்குப் போனேன். "எனக்கு என்ன டீச்சர், சின்னதுலயே ஒல்லிதானே" என்றாள். பேசுவதற்கு நடுவில் மூன்று தடவை இருமினாள். இருமல் ஒரு மாதமாக உண்டாம். முந்திரித் தோல் தூசு என்று நினைத்திருக்கிறாள். அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது.

மெலிவும் காசநோயும் ஒன்றை ஒன்று வளர்க்கும். மெலிந்த உடம்பில் நோய் எளிதாகப் பிடிக்கும், பிடித்த நோய் உடம்பை இன்னும் உருக்கும். ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட்டாள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு தரும் மாதம் 1000 ரூபாயும் கிடைத்தது. மரச்சீனியும் கட்டன் சாயாவும் என்றிருந்த வீட்டில் முட்டையும் பயறும் வந்தன. அண்ணாச்சியின் போர்டு அன்று வாசலில் ஏறியிருந்தால், சோற்றைக் குறைக்கச் சொல்லும் அந்த வரியை இவளும் படித்திருப்பாள்.

போன மாதம் அவளுக்கு எடை பார்த்தோம். 41 கிலோ. பி.எம்.ஐ. 17.7.

வீட்டுக்கு வந்து பழைய சீட்டுகளை எடுத்து, அவளுடையதை மட்டும் மாற்றி வைத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் இருந்த சீட்டு மூன்றாம் இடத்துக்கு வந்தது. இடைநிலை அளவு அதே 24.9. கால்மானங்கள் அதே. 18.5க்குக் கீழே அதே 4 பேர். நாலரைக் கிலோ கூடி ஒருத்தி பிழைத்து வந்திருக்கிறாள், என் சுருக்கக் கணக்கில் ஒரு எண்கூட மாறவில்லை.

அதனால் சீட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. ரப்பர் பேண்ட் போட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். மீதி மூன்று பேரில் இரண்டு பேர் பரிசோதனைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி இன்னும் போகவில்லை. நாளை காலை அவள் வீட்டுக்குப் போகவேண்டும்.