சிவப்பு மையை யார் படிக்கிறார்கள்?

கட்டுரை நோட்டு திரும்பி வந்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது மதிப்பெண்ணைத்தான். பத்துக்கு ஏழா, எட்டா? பக்கத்து பெஞ்ச்காரனுக்கு எவ்வளவு? அதோடு நோட்டு பைக்குள் போய்விடும். டீச்சர் ராத்திரி கண்விழித்து சிவப்பு மையில் எழுதிய குறிப்பு அப்படியே கிடக்கும்.

மதுரைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியை, முதல் பிரதிக்கு மதிப்பெண் போடுவதையே நிறுத்திவிட்டார். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்விலும், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இவருடைய வகுப்பில் எல்லோரும் நோட்டின் வலது பக்கத்தில் மட்டும்தான் எழுதுவார்கள். இடது பக்கம் திருத்தி எழுதுவதற்கு. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு கேள்விதான், அதுவும் ஒரு பத்தியைப் பற்றி. 'இன்னும் விரிவாக எழுது' என்று போட்டால் பிள்ளைகள் எழுத்தைத்தான் பெரிதாக்குவார்கள் என்பது அவர் அனுபவம்!

நோட்டைக் கொடுத்த அன்றே, அதே பீரியடில் வேலை. டீச்சர் கேட்பது என்ன என்று இடது பக்கத்தின் மேலே சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுத வேண்டும். பிறகு பதினைந்து நிமிடம் அந்தப் பத்தியை மட்டும் திரும்ப எழுதி, மாற்றிய இடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட வேண்டும்.

நகராட்சிக்குப் புகார்க் கடிதம் எழுதச் சொன்னபோது ஒரு மாணவன், 'எங்கள் தெருவில் பல நாட்களாகக் குப்பை அள்ளப்படவில்லை. மிகவும் துன்பப்படுகிறோம்' என்று எழுதியிருந்தான். டீச்சரின் கேள்வி: 'இதைப் படிக்கும் அலுவலர் வண்டியை எங்கே அனுப்புவார்?'

அவன் மேலே எழுதிய வரி, 'கடிதத்தை அழகாக எழுத வேண்டும்.' அங்கேயே பிடித்துவிட்டார். அந்த ஒரு வரி இல்லையென்றால், பதினைந்து நிமிடமும் அதையே முத்து முத்தாகக் காப்பி எடுத்திருப்பான். "நீதான் வண்டி டிரைவர்னு வெச்சுக்கோ. இப்ப எந்தப் பக்கம் திரும்புவே?" என்று கேட்டார். அதன் பிறகு வந்தது இது: 'ரேஷன் கடைக்கு எதிரே உள்ள தொட்டி தீபாவளியிலிருந்து நிரம்பிக் கிடக்கிறது. நாய்கள் குப்பையை வாசல்வரை இழுத்து வருகின்றன.'

பிழைகளை அவர் திருத்துவதில்லை. அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும். அவசரத்தில் விட்ட ஒற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் 'ல', 'ள' வித்தியாசமே தெரியாத பிள்ளை புள்ளியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது. அதைப் போர்டில்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் இடது பக்கத்தைப் படித்த பிறகே மதிப்பெண். நாற்பது நோட்டு என்பதால் மாதம் இரண்டு முறைக்கு மேல் முடிவதில்லை. "மார்க்கே காணோமே டீச்சர்?" என்று கேட்டு வரும் அம்மாக்களுக்கு இரண்டு பக்கத்தையும் விரித்துக் காட்டுகிறார்.

அடுத்த மாதம் குடிநீர்க் கடிதம். தெருக்குழாய் எங்கே இருக்கிறது, தண்ணீர் எத்தனை மணிக்கு நின்றுபோகிறது என்று முதல் பிரதியிலேயே எழுதிவிட்டான் அந்த மாணவன். தேதி போடத்தான் மறந்திருந்தான்.