முதுகின் நிறம்

பருவும் பரு விட்டுப்போன தழும்பும் ஒன்றல்ல. பரு ஒரு மேடு. அதற்குப் பக்கத்தில் குட்டி நிழல் விழும். பழைய பழுப்புத் திட்டு அப்படியில்லை. பெரும்பாலும் அங்கே தோலின் நுண்துளைகள் பத்திரமாக இருக்கும், நிறம் மட்டும் மாறியிருக்கும். கல்யாணப் படங்களை எடிட் பண்ணும் எனக்கு வேலை தொடங்குவதே இந்த வித்தியாசத்தில்தான்.

போன மாதம் வந்த படத்தில் ஆழமாக வெட்டிய மெரூன் ப்ளவுஸ். வலது தோளில் நாலு பரு, நடு முதுகில் திட்டுகள், இடது பக்கம் ஒரு மச்சம். "அக்கா, மச்சம் என்னோடது, அதை விட்டுடுங்க" என்றாள் அந்தப் பெண்.

பருக்களைத் தனியாக ஒரு காலி லேயரில், Healing Brush-இல் Sample-ஐ Current & Below என்று வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தேன். ப்ளவுஸ் ஓரத்தில் இருந்த ஒன்றுக்கு மட்டும் Clone Stamp. இல்லாவிட்டால் மெரூன் தோலில் கசிந்துவிடும்.

திட்டுகளுக்கு Curves. லேயரைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, வெள்ளை பிரஷ்ஷை 5% Flow-இல் வைத்துத் திட்டின் மேல் மட்டும் மெல்லத் தடவினேன். நுண்துளைகள் அப்படியே நின்றன.

"இன்னும் கொஞ்சம் வெள்ளையா ஆக்கலாமேம்மா" என்றார் அவள் அம்மா. செய்து காட்டினேன். வளையல் போட்ட கை ஒரு நிறம், முதுகு வேறு நிறம். அவரே வேண்டாம் என்றார்.

நிறுத்த வேண்டிய இடத்தைத் திட்டுக்குப் பக்கத்துத் தோலே சொல்லிவிடும். படத்தைச் சின்னதாக்கிப் பார்க்கும்போது முதுகு முதலில் கண்ணில் பட்டால், தாண்டிவிட்டோம்.