பொட்டு வைத்த சார்ஜர்

“முன்னாடியெல்லாம் இருட்டுலகூட சொருகிடுவேன். இது மட்டும் ஏன் முரண்டு பிடிக்குது?” என்று அம்மா கேட்டார். பழைய பட்டன் போன் போய்ப் புதிய பட்டன் போன் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை. அவருக்கு 78 வயது. விரல் மூட்டுகளில் வலி இருந்தாலும் கை நடுங்குவதில்லை. நல்ல சார்ஜர் ஒன்று வாங்கித் தருவதற்கு முன், இந்த முரண்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

அம்மாவின் பழைய போன் நோக்கியா. கடைக்காரர்கள் ‘சின்ன பின்’ என்பார்களே, அந்த 2 மில்லிமீட்டர் உருண்டை முனை. உருண்டைக்கு மேல் கீழ் கிடையாது, எப்படித் திருப்பினாலும் உள்ளே போகும். ஒயரும் சார்ஜரோடு ஒட்டியே இருக்கும். கண்ணின் உதவி இல்லாமல் விரலே செய்துவிடும் வேலை அது.

ஆனால் கம்பெனிக்கு ஒரு முனை இருந்ததால், போன் மாறினால் சார்ஜரையும் தூக்கிப்போட வேண்டியிருந்தது. இதை நிறுத்த, சார்ஜரையும் ஒயரையும் தனித்தனியாகப் பிரிக்கும் தரநிலையை 2006-ல் சீனா கொண்டுவந்தது. 2009-ல் ஐரோப்பாவில் பெரிய போன் நிறுவனங்கள் ‘மைக்ரோ யூ.எஸ்.பி.’ முனைக்கு ஒப்புக்கொண்டன. நல்ல முடிவுதான். ஆனால் உருண்டை போய், மேல் கீழ் பார்த்துச் சொருக வேண்டிய முனை வந்தது அப்போதுதான். அம்மாவின் புதிய போனில் இருப்பதும் அதுவே. யூ.எஸ்.பி.யை உருவாக்கிய குழுவை இன்டெல்லில் வழிநடத்திய அஜய் பட், இருபுறமும் சொருகும்படி செய்திருந்தால் செலவு இரட்டிப்பாகியிருக்கும் என்று பின்னாளில் விளக்கியிருக்கிறார். அம்மாவின் கேள்விக்குப் பதில் அந்தச் செலவுக் கணக்கில் இருந்தது.

மைக்ரோ முனையில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு சின்னக் கொக்கிகள் துருத்திக்கொண்டிருக்கும். போனுக்குள் கவ்விப் பிடிப்பவை அவைதாம். தேயக்கூடிய இந்தப் பாகத்தை வேண்டுமென்றே போனில் வைக்காமல் ஒயரில் வைத்தார்கள். தேய்ந்தால் மலிவான ஒயரை மாற்றினால் போதும் என்பது யோசனை. ஆகவே ‘ஆட்டிப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது’ என்ற நிலை வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயரை. ஒயரைச் சொருகி, போன் கீழே தொங்கும்படி ஒயரைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், மெத்தைக்கு மேலே. போன் நழுவி விழுந்தால் கொக்கி தேய்ந்திருக்கிறது. புது ஒயரிலும் விழுந்தால் போனின் துளையில் பஞ்சு அடைத்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம், ஊக்கு வேண்டாம்.

சார்ஜரைத் தேர்ந்தெடுப்பது எளிதாகவே முடிந்தது. பட்டன் போனின் பேட்டரி சுமார் 1000 மில்லி ஆம்பியர் மணி. 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதிய சாதாரண சார்ஜர் தாராளம். வேக சார்ஜர் போட்டாலும் போன் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும், காசுதான் வீண். நான் பார்த்தது இரண்டு: பி.ஐ.எஸ். முத்திரையும் ‘R-’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா, நம் வீட்டுப் பிளக்கில் ஆடாமல் நிற்கிறதா. ஒயர் 1 மீட்டர். நீளமாக வாங்கினால் காலில் தடுக்கும். அதற்குப் பதிலாக, சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றை மேசை மேலேயே பொருத்திவிட்டேன். ஒயரின் பெரிய முனை சார்ஜரிலேயே எப்போதும் இருக்கும், அம்மா அதைத் தொட வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது அந்த மேல் கீழ். காந்த முனை ஒயர் ஒன்று கிடைக்கிறது. சின்னத் துண்டு போனிலேயே இருக்கும், ஒயரை அருகில் கொண்டுபோனால் தானாக ஒட்டிக்கொள்ளும். கை நடுங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் காந்தத்தை நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது. அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. பட்டன்கள் மேலே பார்க்கும்படி போனைப் பிடித்து, ஒயரைச் சரியாகச் சொருகி, அப்போது மேலே வந்த பக்கத்தில் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். பொட்டும் பட்டனும் ஒரே பக்கம், இதுதான் பாடம். விரலாலேயே தடவிக் கண்டுபிடித்துச் சொருகிவிடுகிறார்.

அடுத்த போன் வாங்கும்போது டைப்-சி பார்க்கலாம். 2014-ல் வெளியான அந்த முனைக்கு மேல் கீழ் இல்லை. ஆனால் மலிவான பட்டன் போன்கள் சிலவற்றில் ஒரு குறை உண்டு. இருபுறமும் டைப்-சி உள்ள ஒயரில், எதிரே போன் இருப்பதை ஒரு சின்ன ரெசிஸ்டர் மூலம் அறிந்த பிறகே சார்ஜர் மின்சாரம் விடும். காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்ட போன்கள், அந்த ஒயரில் செத்ததுபோலக் கிடக்கும். ஒரு முனை பழைய அகல யூ.எஸ்.பி., மறு முனை டைப்-சி என்றிருக்கும் ஒயரில் அதே போன் ஒழுங்காகச் சார்ஜ் ஆகும். எனவே பெற்றோருக்கு டைப்-சி பட்டன் போன் வாங்கினால் அந்த ஒயரையும், அகலத் துளை உள்ள சார்ஜரையும் சேர்த்து வாங்கி, கடையிலேயே சொருகி, திரையில் பேட்டரிக் கோடுகள் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.