புவெல்லை என்றால் சிறுமியை அல்ல

இங்கிலாந்துப் பள்ளிகள் சிலவற்றில் இன்றும் லத்தீன் ஒரு பாடம். அக்கா மகள் படிக்கிற பள்ளியிலும் இருக்கிறது. நான் ஒரு காலத்தில் குருமடத்தில் சேர்ந்து, கொஞ்சம் லத்தீன் படித்து, குருவாகாமல் சூலூருக்கே திரும்பி வந்தவன். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் அவளுக்கு நான்தான் டியூஷன். விமானப்படைத் தளத்திலிருந்து எதுவும் மேலே போனால் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்வோம்.

அவள் நோட்டில் ஆசிரியர் சிவப்பு மையில் அடித்திருந்த முதல் வாக்கியம் இது: 'புவெல்லம் அக்ரிகொல விதெத்'. புவெல்ல என்றால் சிறுமி, அக்ரிகொல என்றால் விவசாயி, விதெத் என்றால் பார்க்கிறார். இவள் 'சிறுமி விவசாயியைப் பார்க்கிறாள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சொற்களுக்கெல்லாம் அர்த்தம் சரி. யார் யாரைப் பார்க்கிறார் என்பதுதான் தலைகீழ்.

காரணம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் நிற்பவர் செய்பவர், பின்னால் நிற்பவர் செயலை வாங்குபவர். இடத்தை மாற்றினால் அர்த்தம் மாறிவிடும். லத்தீனில் இடத்துக்கு அந்த வேலை கிடையாது. சொல்லின் வால்தான் அதைச் சொல்லும். புவெல்லம் என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ம்', இந்தச் சிறுமி பார்க்கப்படுகிறவள் என்கிறது.

"இது உனக்குத் தெரிஞ்சதுதான் கண்ணு" என்றேன். "அம்மிச்சிகிட்ட 'பூனையை நாய் துரத்துச்சு'ன்னு சொன்னா யார் யாரைத் துரத்துச்சு?"

"நாய்தான் துரத்துச்சு மாமா."

"பூனைதானே முதல்ல நிக்குது?"

"ஆனா 'பூனையை'ன்னு இருக்குல்ல!"

அந்த 'ஐ' செய்கிற வேலையைத்தான் லத்தீனில் 'ம்' செய்கிறது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். லத்தீனிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு வரி தமிழ். 'சிறுமியை விவசாயி பார்க்கிறார்' என்று சொற்களின் வரிசைகூட மாறாமல் தமிழில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு ஆங்கிலத்துக்காக விவசாயியை முன்னால் நகர்த்திக்கொள்ளலாம்.

இதே பாலத்தில் எதிர்த்திசையில் நடந்தவர் ஒருவர் உண்டு. வீரமாமுனிவர், பேச்சுத் தமிழுக்கு லத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வரும் பாதிரியார்களுக்கான புத்தகம். 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. பெயர்ச்சொல்லுக்கு ஏன் வால் வேண்டும் என்று லத்தீன் படித்த ஆளுக்கு விளக்கத் தேவையில்லை. தமிழில் எந்த வால் என்று சொன்னால் போதும்.

ஆனால் இந்தப் பாலத்தில் இரண்டு பலகை உடைந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளை கால் வைக்கும் இடமும் அதுதான்.

முதல் பலகை 'அம்'. மரம், பணம், குளம் என்று கேட்டே வளர்ந்த காதுக்கு 'புவெல்லம்' எந்த வேற்றுமையும் ஏறாத வெறும் பெயராகத்தான் படும். லத்தீனிலோ அதுதான் இரண்டாம் வேற்றுமை. இரண்டாவது பலகை 'ஐ'. சிறுமி என்ற அதே சொல்லுக்குப் 'புவெல்லை' என்று ஒரு வடிவம் உண்டு. தமிழ்க் காது அதை உடனே 'சிறுமியை' என்று எடுத்துக்கொள்ளும். லத்தீனில் அது ஒருநாளும் 'சிறுமியை' ஆகாது. 'சிறுமிக்கு', 'சிறுமியின்', 'சிறுமிகள்' மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒரே வாலுக்கு மூன்று வேலை. ஆக, தமிழிடமிருந்து வேற்றுமை என்ற எண்ணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஒலியை வாங்கக் கூடாது.

மூன்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வினையிலிருந்து தொடங்க வேண்டும். லத்தீன் வினை பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கும், நம் வினை மாதிரியே. யார் செய்தார் என்பதையும் அது தன் வாலில் வைத்திருக்கும். 'பார்க்கிறேன்' என்றால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம் அல்லவா? அதேபோல் விதெயோ என்றால் நான் பார்க்கிறேன், விதேஸ் என்றால் நீ பார்க்கிறாய், விதெத் என்றால் அவர் ஒருவர் பார்க்கிறார், விதெந்த் என்றால் பலர் பார்க்கிறார்கள். நம் வினை ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடும். லத்தீனின் 'த்' அதைச் சொல்லாது. அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே 'த்' தான்.

இப்போது இந்த வாக்கியம்: 'அக்ரிகொல புவெல்லை ரொஸம் தத்'. ரொஸ என்றால் ரோஜா, தத் என்றால் கொடுக்கிறார். கடைசியில் 'த்', ஆகவே கொடுப்பவர் ஒருவர். அக்ரிகொல ஒருமை, வால் எதுவும் ஏறாதது, அவர்தான் கொடுக்கிறார். ரொஸம் 'ம்'மில் முடிகிறது, ரோஜாவை. மிச்சம் புவெல்லை. கொடுப்பது என்றால் வாங்க ஓர் ஆள் வேண்டும், ஆகவே 'சிறுமிக்கு'. 'விவசாயி சிறுமிக்கு ரோஜாவைக் கொடுக்கிறார்.' 'சிறுமியின் ரோஜாவை' என்று படித்தாலும் இலக்கணம் அடிக்காது. வாங்குகிற ஆள் இல்லாமல் கொடுக்கிற வாக்கியம் அரைகுறையாக நிற்கும் என்பதால்தான் அதை விடுகிறோம்.

விவசாயியை எடுத்துவிட்டு, தத் என்பதைத் தந்த் என்று மாற்றிப் பாருங்கள்: 'புவெல்லை ரொஸம் தந்த்'. இப்போது கொடுப்பவர்கள் பலர். அதே புவெல்லை எழுவாயாகிவிடும். 'சிறுமிகள் ரோஜாவைக் கொடுக்கிறார்கள்.' 'அவர்கள் சிறுமிக்கு ரோஜாவைக் கொடுக்கிறார்கள்' என்றும் இது நிற்கும். முந்தைய வாக்கியத்தில் யாராவது நாலு பேர் வந்திருந்தால் அதுதான் சரி. இந்த மாதிரி இடத்தில் வாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை வராது, ஒரு வரி மேலே போய்ப் படித்துவிட்டு வரவேண்டும்.

தமிழ் வரி இல்லாமல் அவள் சிக்கியிருக்கக்கூடிய ஒரு வாக்கியத்தில் தமிழ் அவளை நேராகவே கொண்டுபோய்ச் சேர்த்தது. 'மிஹி துவோ ஃபீலியீ சுந்த்.' மிஹி எனக்கு, துவோ இரண்டு, ஃபீலியீ மகன்கள், சுந்த் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'டு மீ ஆர் டூ சன்ஸ்' என்று வரும், எந்த ஆசிரியரும் அடித்துவிடுவார். 'ஐ ஹேவ் டூ சன்ஸ்' என்று எழுத வேண்டும். அதற்கு 'எனக்கு' என்பது 'நான்' ஆக வேண்டும், இருப்பது வைத்திருப்பதாக மாற வேண்டும். பாடப்புத்தகம் இதற்கென்று தனி விதி கொடுத்திருக்கிறது.

அவள் விதியைப் படிக்கவில்லை. வாய்விட்டு, "எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க" என்றாள். சூலூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்து சீட்டு அம்மா பேச்சுக் கொடுக்கும்போது சொல்கிற அதே வாக்கியம், அதே நான்காம் வேற்றுமை. அதற்கு ஆங்கிலம் என்ன என்பது அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் அம்மா தமிழில் சொல்வதைத் தினமும் ஆங்கிலமாக்கிக்கொண்டுதானே இருக்கிறாள்.

இப்போது அவள் நோட்டில் லத்தீன் வரிக்கும் ஆங்கில வரிக்கும் நடுவே பென்சிலில் ஒரு தமிழ் வரி இருக்கும். நோட்டை ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன்னால் அதை அழித்துவிடுகிறாள். போன வாரம் கேமரா முன்னால் நோட்டைக் காட்டியபோது ஒரு வரியை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தாள். 'சிறுமிக்கு' என்று எழுதி, 'க்கு'வைச் சுற்றி ஒரு வட்டம்.