யார் கொடுப்பது, யார் வாங்குவது?

கச்சிபௌலியில் லேப்டாப் மதர்போர்டுகளைச் சோதித்தே தலை நரைத்த தமிழ் இன்ஜினியர் ஒருவர் ஓய்வு பெறப்போகிறார். அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. டைப்-சி போர்ட்டில் மாட்டிய போன் சார்ஜ் ஏறாமல் லேப்டாப்புக்கே சார்ஜ் கொடுத்தால் இளையவர்கள், "கழற்றி மாட்டினா சரியாயிடுது சார்" என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். சரியாகிவிடுவதுதான் கோளாறே என்பது அவர் கட்சி.

எடுத்த எடுப்பில் அவர் ஆர்பி, ஆர்டி என்பார். விஷயம் இதுதான். மின்சாரம் கொடுக்கும் போர்ட், சிசி என்ற பின்னை ஒரு ரெசிஸ்டர் வழியாக மேலே இழுத்து வைக்கும், அது ஆர்பி. வாங்கும் போர்ட் அதே பின்னை 5.1 கிலோஓம் வழியாக கிரவுண்டுக்கு இழுக்கும், அது ஆர்டி. இரண்டும் செய்யத் தெரிந்த போர்ட், 50 முதல் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்றாக மாறி மாறி இரண்டையும் காட்டிக்கொண்டே இருக்கும். போனும் லேப்டாப்பும் அப்படிப்பட்டவையானால், எந்தக் கணத்தில் ஒன்று ஆர்பியும் மற்றது ஆர்டியும் காட்டுகிறதோ, அப்படியே பூட்டிக்கொள்ளும். யார் பேட்டரி எவ்வளவு என்று அந்தக் கணத்தில் யாரும் கேட்பதில்லை. கழற்றி மாட்டினால் மறுபடி சீட்டுக் குலுக்கல்.

குலுக்கலைச் சாய்க்க ஒரு வழி உண்டு. வாங்கும் பக்கமாகப் பூட்டிக்கொண்ட லேப்டாப், பிடியை விட்டு 75 முதல் 150 மில்லிசெகண்ட் ஆர்பி மட்டும் காட்டிப் பார்க்கும். எதிரில் ஆர்டி வந்துவிட்டால் கொடுப்பவர் லேப்டாப்தான். இதற்கு Try.SRC என்று பெயர். ஆனால் இது கட்டாயமில்லை.

இதெல்லாம் ஒழுங்காக இருந்தும் அவரை நெடுநாள் அலைக்கழித்தது வற்றிய பேட்டரி. லேப்டாப் அடியோடு இறங்கிவிட்டால் போர்ட்டை ஆளும் சிப்புக்கும் உயிர் இல்லை. சார்ஜர் வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று, அந்த நிலையிலும் போர்ட் ஆர்டி காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். அங்கே போனை மாட்டினால் அது ஆர்டியைக் கண்டு 5 வோல்ட்டைத் திறந்துவிடுகிறது. லேப்டாப் எழாது, போன் இறங்கும். மேசையில் எப்போதும் முழு பேட்டரியோடு சோதிப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. "டெஸ்ட் பாஸ்" என்று எழுதிவிடுவார்கள்.

இயர்பட்ஸ் பெட்டியை மாட்டியதும் போன் அதற்குச் சார்ஜ் ஏற்றுவது வேறு கதை. பெட்டிக்கு வாங்க மட்டுமே தெரியும். போன்தான் கொடுத்தாக வேண்டும்.

பயன்படுத்துபவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பல ஆண்ட்ராய்டு போன்களில் யுஎஸ்பி அமைப்பில் "Charge connected device" என்ற சுவிட்ச் இருக்கும். இரு பக்கமும் ஒப்புக்கொண்டால் கழற்றாமலே கொடுப்பவர் மாறிவிடுவார். இல்லையென்றால் பழைய ஏ முனை கொண்ட கேபிளை லேப்டாப்பில் செருகலாம். அந்தக் கேபிளுக்குள்ளேயே 56 கிலோஓம் ஆர்பி இருப்பதால் போன் வாங்கித்தான் ஆக வேண்டும்.

சோதிக்கும் பிள்ளைகளிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: மாட்டும்போது இரண்டு பேட்டரியும் எவ்வளவு இருந்தது, ஒவ்வொரு முறையும் யார் கொடுத்தார் என்பதை எழுதுங்கள். அது இல்லாத ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்துப் போடுவதில்லை.